பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்த மீன்? பால்சுறாவும் பாதரசமும்

கருவுற்ற பெண் மீன் சாப்பிடலாமா என்று கேட்டால், எங்கள் மகப்பேற்றுப் பிரிவு தரும் விடை "சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும்" என்பதே. ஆனால் அடுத்த கேள்வியாக "எந்த மீன்?" என்பதையும் கேட்டாக வேண்டும். கடலில் பிடிபடும் மீன்கள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. சாளையும் நெத்திலியும் வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் துணை புரிபவை. பெரிய சுறாவோ அதே மூளைக்கு ஊறு செய்யக்கூடிய பாதரசத்தைத் தன் தசையில் சேர்த்து வைத்திருப்பது. நம் பகுதியில் இது குறித்து எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்ப்பால் ஊற வேண்டும் என்பதற்காகப் பால்சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு செய்து கொடுப்பது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அன்பினால் செய்யப்படும் அந்தப் பத்தியச் சோற்றை வேறொரு மீனால் நிறைவு செய்ய முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதரசம் மீனுக்குள் வரும் வழி

பாதரசம் என்றவுடன் பழைய காய்ச்சல்மானி உடைந்து தரையில் உருளும் வெள்ளித் துளிகளே நம் நினைவுக்கு வரும். அந்தத் துளியின் ஆவியைச் சுவாசிப்பது தீங்கானது. ஆயினும் அது தவறி வயிற்றுக்குள் சென்றால் குடலில் உறிஞ்சப்படுவது மிகமிகச் சொற்பம். மீனில் இருப்பது வேறு வடிவம். அதற்கு மெத்தில் பாதரசம் என்று பெயர்.

நிலக்கரியை எரிக்கும்போதும், தங்கம் பிரித்தெடுக்கும்போதும், எரிமலைகள் குமுறும்போதும் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. காற்றில் நெடுந்தொலைவு பயணம் செய்து மழையோடு நீர்நிலைகளிலும் கடலிலும் இறங்குகிறது. அங்கே உயிர்வளி இல்லாத சேற்றிலும் நீரடுக்குகளிலும் வாழும் சில நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதை ஏற்கின்றன. பாசியை மிதவை உயிரிகளும், மிதவை உயிரிகளைச் சாளையும், சாளையைச் சூரையும், சூரையைச் சுறாவும் உண்கின்றன.

இந்த வரிசையில் உணவு செரித்துக் கழிந்துவிடுகிறது. மெத்தில் பாதரசமோ எளிதில் கழிவதில்லை. ஒரு சூரை தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான சிறு மீன்களை விழுங்குகிறது. அவை ஒவ்வொன்றிலும் இருந்த பாதரசத்தின் பெரும்பகுதி அந்த ஒரே மீனின் உடலில் சேர்ந்துவிடுகிறது. இவ்வாறு படிப்படியாகச் சேர்ந்து, பெரிய கொன்றுண்ணி மீன்களின் தசையில் உள்ள அளவு, சுற்றியிருக்கும் கடல்நீரில் உள்ளதைப் போலப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. ஆகவே மீனைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். அது எதைத் தின்று வாழ்கிறது? எவ்வளவு பெரிதாக வளர்கிறது? எத்தனை ஆண்டுகள் வாழ்கிறது? சிறு மீன்களைத் தின்று, பெரிதாக வளர்ந்து, பல்லாண்டு வாழும் மீனில் பாதரசம் மிகுதி. பாசியையும் மிதவை உயிரிகளையும் தின்று, சிறிதாகவே இருந்து, ஓரிரு ஆண்டுகளில் வாழ்வை முடிக்கும் மீனில் அது மிகக் குறைவு.

சமையலால் இதனை அகற்ற முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெத்தில் பாதரசம் மீனின் கொழுப்பிலோ தோலிலோ தங்குவதில்லை. தசையின் புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. தோலை உரித்தாலும், மஞ்சளிட்டுப் பலமுறை கழுவினாலும், புளிக்கரைசலில் கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் அது அங்கேயே இருக்கும். சுவையாலோ மணத்தாலோ நிறத்தாலோ அதனைக் கண்டறியவும் இயலாது. புத்தம் புதிய மீனிலும் அதே அளவுதான் இருக்கும்.

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஏன் இந்தக் கவனம்?

சப்பானின் கியூசு தீவில் மினமாட்டா என்னும் மீனவ ஊர் உள்ளது. அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1932 முதல் 1968 வரை மெத்தில் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வைப் பரப்புச் சுருங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுடன் மக்கள் நோயுற்றனர். 1956 மே மாதத்தில் அந்நோய் முறைப்படி பதிவாயிற்று. அப்பகுதியில் பிறந்த சில குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி கடுமையாகக் குன்றியிருந்தது. அவர்களுடைய தாய்மாருக்கோ நோய்க்குறிகள் இல்லை, அல்லது மிகச் சிறிதளவே இருந்தன. நஞ்சுக்கொடி குழந்தையை நச்சுப் பொருள்களிலிருந்து காத்துவிடும் என்று அதுவரை மருத்துவர்கள் நம்பியிருந்ததால், இதற்குக் காரணம் மீன்தான் என்பதை ஏற்கவே சில ஆண்டுகள் ஆயின.

அதற்குச் சான்று வீடுகளுக்குள்ளேயே கிடைத்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேழையில் பாதுகாப்பது சப்பானியர் வழக்கம். நம்மவர் அதைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவதை ஒத்தது அது. அவ்வாறு பாதுகாக்கப்பட்ட தொப்புள்கொடிகளைச் சோதித்தபோது, தாய் உண்ட மெத்தில் பாதரசம் குழந்தையைச் சென்றடைந்திருந்தது தெளிவாயிற்று.

இன்று இதன் இயக்கம் நன்கு அறியப்பட்டுள்ளது. நாம் உண்ணும் மெத்தில் பாதரசத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குடலில் உறிஞ்சப்படுகிறது. உடலுக்குத் தேவையான புரதக்கூறு ஒன்றின் தோற்றத்தில் அது நஞ்சுக்கொடியைக் கடந்து செல்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தில் இருப்பதைப்போல் சராசரி 1.7 மடங்காக இருக்கிறது. கருவில் மூளையின் நரம்பணுக்கள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றோடொன்று இணையும் பணி நடந்துகொண்டிருக்கிறது. மெத்தில் பாதரசம் இடையூறு செய்வது இந்தப் பணிக்குத்தான்.

மினமாட்டாவில் நேர்ந்தது தொழிற்சாலைக் கழிவினால் விளைந்த பேரிடர். நம் கடைகளுக்கு வரும் மீனில் அந்த அளவுகள் இல்லை. அப்படியானால் சாதாரண அளவு மீன் உணவால் ஏதேனும் பாதிப்பு உண்டா என்பதையே நாம் அறிய வேண்டும். இதற்கு இரண்டு தீவுக் கூட்டங்களில் நடந்த ஆய்வுகள் துணை செய்கின்றன. வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1986, 1987 ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். அங்கு மீனோடு, பாதரசம் மிகுந்த திமிங்கில இறைச்சியும் உண்ணப்படுகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் கூடுதலாக இருந்த குழந்தைகள் ஏழு வயதில் கவனம், மொழி, நினைவாற்றல் ஆகியவற்றில் சற்றே பின்தங்கியிருந்தனர். இந்தியப் பெருங்கடலிலுள்ள செசல்ஸ் தீவுகளில் கருவுற்ற பெண்கள் வாரத்தில் பன்னிரண்டு வேளை அளவுக்குக்கூட மீன் உண்பவர்கள். அங்கு அவர்கள் உண்டது பெரும்பாலும் பாதரசம் மிகாத சாதாரணக் கடல்மீன். அவர்களின் குழந்தைகளிடம் அத்தகைய பாதிப்பு தெளிவாகப் புலப்படவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, மீனை அஞ்சி முழுதாக விலக்குவது தவறு என்பது விளங்கும். மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு சிசுவின் மூளைக்கும் விழித்திரைக்கும் கட்டுமானப் பொருள். கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் அது மூளையில் விரைந்து சேர்கிறது. அயோடின், பி12 உயிர்ச்சத்து, எளிதில் செரிக்கும் புரதம் ஆகியவையும் மீனில் உள்ளன. இந்த நன்மைகளைப் பெறுவதற்குப் பெரிய மீன் தேவையில்லை. விலை மலிவான சாளையில் ஒமேகா-3 மிகுந்தும் பாதரசம் குறைந்தும் இருக்கின்றன.

பால்சுறாப் புட்டு: ஒரு கணக்கு

இனி நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு, கருவிலுள்ள குழந்தையைக் காக்கும் பொருட்டு 2003ஆம் ஆண்டில் ஓர் அளவை வகுத்தது. ஒரு வாரத்தில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்பதே அந்த அளவு. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இது வாரத்துக்கு 80 மைக்ரோகிராம் ஆகிறது.

அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பல ஆண்டுகளாகச் சோதித்த மீன்களில், சுறாவின் சராசரிப் பாதரசம் கிலோவுக்கு ஏறத்தாழ 0.98 மில்லிகிராம். சாளை இனத்தின் சராசரி 0.013 மில்லிகிராம். அதாவது எழுபது மடங்குக்கும் மேலான வேறுபாடு. இந்த அளவுகளை வைத்துக் கணக்கிடுவோம். ஒரு வேளைக்கு 150 கிராம் சுறாப் புட்டு உண்டால் உடலுக்குள் செல்வது ஏறத்தாழ 147 மைக்ரோகிராம். ஒரே வேளையில் கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கான வரம்பு தீர்ந்துவிடுகிறது. அதே 150 கிராம் சாளையில் செல்வது 2 மைக்ரோகிராம் மட்டுமே. சாளையால் வார வரம்பை எட்ட வேண்டுமானால் ஒரு வாரத்தில் ஆறு கிலோ உண்ண வேண்டியிருக்கும்.

"நாங்கள் வாங்குவது பெரிய சுறா அல்ல, சிறிய பால்சுறா" என்று கூறுவோர் உண்டு. சிறிய சுறாவில் பாதரசம் பெரிய சுறாவைவிடக் குறைவு என்பது உண்மையே. ஆனால் அதுவும் மீனைத் தின்று வாழும் கொன்றுண்ணிதான். மேலும், கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களில் வெட்டிய துண்டாகவோ கருவாடாகவோ வாங்கும்போது அது சிறிய சுறாவா, பெரிய சுறாவின் குட்டியா, பெரிய சுறாவின் வால்பகுதியா என்று வேறுபடுத்தி அறிவது கடினம். வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்த பின் எந்தச் சுறாவும் ஒன்றுபோலவே இருக்கும்.

கடையில் சட்டப்படி விற்கப்படுவதே பாதுகாப்புக்குச் சான்றாகாதா என்றும் கேட்கலாம். பன்னாட்டு உணவுத் தர ஆணையமான கோடெக்ஸ், 2018இல் சுறா இறைச்சிக்கு வகுத்த உச்ச அளவு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெத்தில் பாதரசம். இது வணிகத்துக்கான எல்லை. இயற்கையாகவே சுறாவில் பாதரசம் மிகுதி என்பதைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. அந்த எல்லைக்கு உட்பட்ட சுறாவிலும் மேலே கண்ட 150 கிராமில் 240 மைக்ரோகிராம் வரை இருக்கக்கூடும். கருவுற்ற பெண்ணுக்கான அளவுகோலை இதிலிருந்து எடுத்துக்கொள்ள இயலாது.

சுறாவுக்குத் தாய்ப்பாலைப் பெருக்கும் தனி ஆற்றல் இருப்பதாக மருத்துவச் சான்று இல்லை. குழந்தை எத்தனை முறை மார்பைச் சுவைக்கிறதோ, எவ்வளவு நன்றாகப் பால் வெளியேறுகிறதோ, அதற்கேற்பவே பால் சுரக்கிறது. பிள்ளை பெற்ற உடல் தேறுவதற்குப் புரதமும் போதிய நீரும் நிறைவான உணவும் தேவை. சுறாப் புட்டு அந்தப் புரதத்தைத் தந்ததாலேயே நம் முன்னோர் அதனை நாடியிருக்கலாம். அதே பூண்டும், சின்ன வெங்காயமும், மிளகும் சேர்த்து, முள் குறைந்த விரால் மீனை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்தால் சுவையும் பத்தியமும் கெடுவதில்லை. சாளைக் குழம்பும் நெத்திலிக் குழம்பும் அதனினும் சிறந்தவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுறா உண்ட தாய் பாலூட்டுவதை நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலில் இறங்கும் மெத்தில் பாதரசம், கருவிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியே சென்றதைவிட மிகக் குறைவு. தாய்ப்பாலின் நன்மையோ ஈடற்றது. உணவிலுள்ள மீனை மாற்றினால் போதும்.

மீன் கடையில் எதைப் பார்ப்பது?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்குக் கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டிகளில் தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறது. சிறு மீன்கள் முழுதாக வருகின்றன; பெரியவை துண்டாக்கி விற்கப்படுகின்றன. பாதரசத்தைப் பொறுத்தவரை இதுவே எளிய அடையாளம். சட்டியில் முழுதாகப் போடத்தக்க மீன் பெரும்பாலும் கவலைக்கு இடமற்றது. துண்டாக வாங்கும் மீனுக்கு, "முழு மீன் எத்தனை கிலோ?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துண்டின் நடுவிலுள்ள முள்ளெலும்பின் வட்டமும் துண்டின் அகலமும் விடையைச் சரிபார்க்க உதவும். உள்ளங்கையைவிட அகன்ற துண்டு பெரிய, வயது முதிர்ந்த மீனிலிருந்து வந்தது. சுறாத் துண்டுக்கு வன்மையான எலும்பு இராது. நடுவில் மெல்லிய குருத்தெலும்பு இருக்கும். தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். வஞ்சிரத்தை நெய்மீன் என்றும் தூத்துக்குடிப் பக்கத்தில் சீலா என்றும் அழைப்பர். வேறு சில ஊர்களில் சீலா என்பது நீண்ட தாடையும் கூரிய பற்களும் கொண்ட ஊளி மீனைக் குறிக்கும். எந்தப் பெயரில் வந்தாலும் இரண்டுமே பிற மீன்களை வேட்டையாடுபவை என்பதால் நம் பட்டியலில் அவற்றின் இடம் மாறாது. நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான அமெரிக்கக் கிங் மேக்கரல் மீனில் சராசரி 0.73 மில்லிகிராம் பாதரசம் காணப்பட்டதால், அதைக் கருவுற்றவர் முற்றும் தவிர்க்குமாறு அந்நாட்டில் அறிவுறுத்தப்படுகிறது. விருந்துக்கு உயர்வாகக் கருதப்படும் பெரிய வஞ்சிரத் துண்டு கருவுற்ற பெண்ணின் இலைக்கு உரியதன்று.

கண்மாய் மீன்களைப் பற்றிப் பலரும் ஐயுறுகின்றனர். கொடைக்கானலில் 2001 வரை இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையால் அங்குள்ள ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் கலந்தது ஆய்வில் அறியப்பட்டதே இதற்குக் காரணம். ஆனால் அதே ஆய்வில், அருகிலிருந்த பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரில் அந்த மாசு காணப்படவில்லை. நன்னீர் மாசு அதன் மூலத்தைச் சார்ந்தது. நம் கண்மாய்களில் குஞ்சு விட்டு வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை பாசி, மிதவை உயிரி, அடிச்சேற்று மக்கு ஆகியவற்றை உண்பவை. ஓராண்டை ஒட்டிப் பிடிக்கப்பட்டுவிடுவதால் பாதரசம் சேர்வதற்குக் காலமும் இல்லை. ஜிலேபிக் கெண்டையும் இத்தகையதே. விரால் பிற மீன்களைத் தின்பதுதான். எனினும் கண்மாயில் கிடைக்கும் ஒரு கிலோவுக்குட்பட்ட இளம் விரால், பல்லாண்டு கடலில் திரிந்த சுறாவோடு ஒப்பிடத்தக்கதன்று. தொழிற்சாலைக் கழிவோ நகரச் சாக்கடையோ கலக்கும் நீர்நிலையின் மீனை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கருவாட்டில் ஒரு நுட்பம் உண்டு. மீன் உலரும்போது நீர் வெளியேறுகிறது, பாதரசம் வெளியேறுவதில்லை. ஆகவே சுறாக் கருவாட்டிலும் மாசிக் கருவாட்டிலும் ஒரே எடைக்குப் பச்சை மீனைவிடப் பாதரசம் மிகுந்திருக்கும். நெத்திலிக் கருவாட்டில் பாதரசம் குறித்த கவலை இல்லை. ஆனால் உப்பு மிகுதி. இரத்த அழுத்தமோ கால் வீக்கமோ உள்ள கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே அதை உண்ண வேண்டும்.

சாளை, அயிலை, சூரை ஆகியவை வெப்பத்தில் விரைவில் கெடுபவை. கெட்ட மீனில் தோன்றும் ஒரு வேதிப்பொருள் முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி, வாந்தி ஆகியவற்றை உண்டாக்கும். சமைத்தாலும் அது அழியாது. கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, சதை விரலால் அழுத்தினால் மீள்கிறதா என்று பார்த்து, பனிக்கட்டியில் வைத்திருக்கும் மீனையே வாங்குங்கள்.

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம்

*வாரம் இரண்டு மூன்று வேளை உண்ணத்தக்கவை:* சாளை என்கிற மத்தி, சூடை, நெத்திலி, காரல், அயிலை என்கிற கானாங்கெளுத்தி, கிழங்கான், மடவை, கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை, இளம் விரால், இறால், நண்டு, கணவாய். வேளைக்கு 100 முதல் 120 கிராம் வரை போதுமானது.

*வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேற்படாதவை:* சிறிய சூரை, சங்கரா, விளைமீன், பாறை, திருக்கை, இரண்டு கிலோவுக்கு உட்பட்ட சிறு வஞ்சிரம். இவற்றுள் ஒன்றை உண்ட வாரத்தில் இவ்வகையில் இன்னொன்றைச் சேர்க்காமல், மற்ற வேளைகளுக்கு முதல் வகை மீன்களையே கொள்ள வேண்டும்.

*கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் சிறு குழந்தைகளுக்கும் தவிர்க்க வேண்டியவை:* எல்லாச் சுறாக்களும், பால்சுறா உட்பட. மயில்மீன், வாள்மீன், பெரிய வஞ்சிரம், பெரிய ஊளி, பெரிய சூரை, சுறாக் கருவாடு, மாசிக் கருவாடு.

குழந்தைகளுக்கு

குழந்தையின் மூளை பிறந்த பின்பும் பல ஆண்டுகள் வளர்கிறது. அதன் எடையும் குறைவு; எனவே வரம்பும் குறைவு. 12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு முன்சொன்ன கணக்கின்படி வாரத்துக்கு 19 மைக்ரோகிராம். 30 கிராம் சுறாத் துண்டில், அதாவது இரண்டு மூன்று சிறு கவளத்தில், 29 மைக்ரோகிராம் சென்றுவிடும். முள் இல்லை, சதை மெத்தென்று இருக்கிறது என்பதற்காகச் சிறு குழந்தைக்குச் சுறாப் புட்டை முதல் மீன் உணவாக ஊட்டுவதை இதனால்தான் வேண்டாம் என்கிறோம்.

ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கிய பின், நன்கு வெந்த மீனை முள் நீக்கி மசித்துச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஒன்று முதல் மூன்று வயது வரை வேளைக்கு 30 கிராம், நான்கு முதல் ஏழு வயது வரை 55 கிராம், எட்டு முதல் பத்து வயது வரை 85 கிராம் என்ற அளவில், முதல் வகை மீன்களை வாரம் இருமுறை கொடுக்கலாம். சாளையின் நடுமுள்ளை நீக்கிய பின்னும் நுண்முட்கள் இருக்கும். ஆதலால் சதையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்த பிறகே ஊட்ட வேண்டும்.

முன்பே உண்டுவிட்டவர்களுக்கு

கருவுற்றது தெரியாமல் ஓரிரு முறை சுறா உண்டுவிட்டேனே என்று கலங்க வேண்டியதில்லை. வார வரம்பு என்பது நெடுநாள் தொடர்ந்து உண்பதற்கான அளவுகோல். பாதிப்பு தொடங்கும் அளவுக்கு வெகு கீழே, பாதுகாப்பு இடைவெளி விட்டு வகுக்கப்பட்டது. ஒரு வேளை மிகுந்தால், அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு முதல் வகை மீன்களை மட்டும் உண்டாலே சராசரி கீழே வந்துவிடும். இதன்பொருட்டுக் கருவுற்ற எல்லோருக்கும் இரத்தச் சோதனை தேவையில்லை. பெரிய மீன்களை வாரத்தில் பலமுறை, பல மாதங்களாக உண்டு வந்தவர்களுக்கு மட்டும் மருத்துவர் தேவையெனக் கருதினால் இரத்தத்திலோ தலைமுடியிலோ பாதரசத்தை அளக்கச் சொல்வார்.

உடலிலுள்ள மெத்தில் பாதரசம் மெல்லவே கழிகிறது. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். நூறு நாளில் கால் பங்காகவும், நூற்றைம்பது நாளில் அரைக்கால் பங்காகவும் குறையும். ஆகவே பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் பெண், கருவுறுவதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே சுறாவையும் பெரிய மீன்களையும் விலக்கத் தொடங்குவது நல்லது. திருமணமான புதிதில் மாமியார் வீட்டிலும் தாய் வீட்டிலும் விருந்தாகப் பெரிய மீன் அடிக்கடி சமைக்கப்படும் காலமும் அதுவே என்பதைக் குடும்பத்துப் பெரியோர் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த முறை கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போது, கடந்த ஒரு மாதத்தில் எந்த மீனை, எத்தனை வேளை, துண்டாகவா முழுதாகவா வாங்கி உண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். சமையலைக் கவனிக்கும் அம்மாவோ அத்தையோ உடன் வந்தால் மிகவும் நல்லது. எந்த மீனுக்குப் பதிலாக எதை வாங்கலாம் என்பதை எங்கள் உணவியல் பிரிவில் அந்தத் தாளை வைத்தே சொல்லிவிட முடியும்.